பார்ச்மெண்ட் ஒரு பக்கத்தில் தோல், இன்னொரு பக்கத்தில் ஓடு: போட்டோ போட்டோவாக மொழிபெயர்க்கும்போது சொல் மாறாமல் இருக்க

கேள்வி: "ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்த காபி பதப்படுத்தும் கையேட்டை மொபைலில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, மூன்று பேர் பிரித்துக்கொண்டு தமிழில் எழுதுகிறோம். மொத்தம் 164 போட்டோ, 60 முடிந்தது. சேர்த்துப் படித்தால் பார்ச்மெண்ட் என்ற ஒரே சொல் ஒரு இடத்தில் தோல், ஒரு இடத்தில் ஓடு, ஒரு இடத்தில் காகிதக் கொட்டை. கடைசி வரை ஒரே சொல்லாக வைத்திருக்க என்ன வழி? முடிந்த பக்கங்களை என்ன செய்வது?"

இதே சொல்லில் நானும் ஒரு முறை நன்றாக அடிபட்டிருக்கிறேன், அதனால் பொதுவாகச் சொல்லாமல் இந்தச் சொல்லை வைத்தே சொல்கிறேன். சேலத்தில் இருந்துகொண்டு பயிற்சிப் பாடங்களும் இயந்திரக் கையேடுகளும் மொழிபெயர்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. காபி எனக்குத் தொழில் இல்லை. சேர்வராயன் மலையில் பழம் உரிக்கும் பல்ப் ஹவுஸ்களில் நின்று பார்த்ததும், அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டதும்தான் என் காபி அறிவு. பதம் பார்ப்பது பற்றி நான் சொல்வதை உங்கள் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சொல் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

முதலில் என் கதை. சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர்களுக்கான பயிற்சிப் பாடம், தொண்ணூற்றுச் சொச்சம் போட்டோவாக வந்தது. நானும் நண்பர் ஒருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பழத்தின் மேல்தோலை நான் தோல் என்று எழுதினேன். அவர் பங்கில் பார்ச்மெண்ட் வந்தது. அகராதியைப் பார்த்தார், எழுதப் பயன்பட்ட பதப்படுத்திய ஆட்டுத்தோல் என்று இருந்தது. அவரும் தோல் என்றே எழுதிவிட்டார். தனித்தனியாகப் படித்தால் இருவர் பக்கமும் சரிதான். பாடத்தை மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினோம். "தோலோட காய வைக்கணும்" என்ற வரி வந்ததும் அவர் நிறுத்தினார். "தோலோடயே காய வைக்கிறதுன்னா அப்புறம் எதுக்குங்க சார் பல்ப்பர்ல போடறோம்? இத்தனை தண்ணியச் செலவழிச்சு எதுக்குக் கழுவறோம்?"

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. காபியைப் பதப்படுத்த முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்றில் பழத்தை அப்படியே தோலோடு களத்தில் காய வைப்பார்கள், அது செர்ரி. மற்றதில் பழத்தோலைப் பல்ப்பரில் உரித்து, தொட்டியில் புளிக்க விட்டு, கழுவி, உள்ளே இருக்கும் மெல்லிய ஓட்டோடு காய வைப்பார்கள், அது பார்ச்மெண்ட். ஆங்கிலத்தில் "பார்ச்மெண்டோடு காய வை" என்று இருந்த வரியை நாங்கள் "தோலோடு காய வை" ஆக்கியதில், இரண்டாவது முறையைச் சொல்லும் பக்கம் முதல் முறையைச் சொல்லும் பக்கமாக மாறிவிட்டது. எழுத்துப்பிழை இல்லை, வாக்கியப்பிழை இல்லை, ஆனால் சொன்ன வேலையே வேறு.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. நீங்கள் மூன்று பேரும் மூன்று விதமாக எழுதியதற்குக் காரணம் ஞாபக மறதி மட்டும் இல்லை. அந்தச் சொல் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்பதை யாரும் முதலில் தீர்த்துவைக்கவில்லை. ஒவ்வொரு போட்டோவும் தனியாகக் கையில் வருகிறது, முன்பக்கமும் பின்பக்கமும் கண்ணில் படுவதில்லை. அந்த ஒரு பக்கத்துக்கு எது பொருந்துகிறதோ அதை எழுதிவிடுகிறோம். புத்தகமாகக் கையில் இருந்தால் நாலு பக்கம் முன்னால் புரட்டிப் பார்த்திருப்போம். ஆகவே "இனிமேல் எல்லோரும் ஓடு என்று எழுதுங்கள்" என்று குழுவில் ஒரு செய்தி போடுவதால் மட்டும் இது சரியாகாது. முதலில் பொருளைப் பிரித்துக்கொண்டு, பிறகு சொல்லை ஒட்ட வேண்டும்.

ஒரு பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வெளியே சிவந்த தோல். அடுத்து கொஞ்சம் சதை. சதைக்கும் கொட்டைக்கும் நடுவே விரலில் வழுக்கும் பசை, பல்ப்பரில் போட்டாலும் போகாதது, புளிக்க வைப்பதே இதைக் கழற்றத்தான். அதற்குள் மஞ்சள் வெள்ளையாக, காய்ந்தால் மொறுமொறு என்று உடையும் ஓடு. அதற்கும் உள்ளே கொட்டையோடு ஒட்டிய மிக மெல்லிய சவ்வு, ஆங்கிலத்தில் சில்வர் ஸ்கின் என்பார்கள். கடைசியாகக் கொட்டை. ஆங்கிலக் கையேடு இவற்றில் குறைந்தது மூன்றையாவது ஏதோ ஒரு இடத்தில் ஸ்கின் என்று குறிப்பிட்டிருக்கும். தமிழில் எல்லாம் தோலாகிவிடும். அதனால் அந்தப் பாடத்தில் நாங்கள் எடுத்த முதல் முடிவு, "தோல்" என்ற தனிச்சொல்லையே எங்கும் எழுதுவதில்லை என்பதுதான். வெளித்தோலுக்குப் பழத்தோல், சதைக்குச் சதை, வழுக்கலுக்குப் பசை, ஓட்டுக்கு உள்ளோடு, சவ்வுக்கு வெள்ளிச்சவ்வு. மில்லில் அந்த உள்ளோட்டை உடைத்து நீக்கிய பிறகு குவியும் கழிவுக்கு உமி. நெல்லில் பழகிய சொல் என்பதால் உமி யாருக்கும் விளக்காமலே புரிந்தது.

அடுத்து பார்ச்மெண்ட். உங்கள் கையேட்டில் இந்தச் சொல் வரும் இடங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தால், அது மூன்று பொருளில் வருவதைக் காண்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, அந்த ஓடு. "பார்ச்மெண்ட் உடையாமல் பல்ப்பரைச் சரிசெய்" என்ற மாதிரி வரிகளில். இரண்டு, ஓட்டோடு கூடிய கொட்டை, அதாவது தொட்டியிலும் களத்திலும் மூட்டையிலும் இருக்கும் சரக்கு. "ஈரப் பார்ச்மெண்ட்", "உலர்ந்த பார்ச்மெண்ட்", "பார்ச்மெண்டைக் கிளறிவிடு" எல்லாம் இது. மூன்று, சந்தையில் விலை சொல்லும் வகைப்பெயர், "அராபிகா பார்ச்மெண்ட்" என்பது போல. ஓடு, ஓட்டோடு கூடிய கொட்டை, வகைப்பெயர் மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போட்டாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எங்காவது இடிக்கும். ஓட்டைச் சொல்லும் இடத்தில் மட்டும் உள்ளோடு, மற்ற இரண்டிலும் பார்ச்மெண்ட் என்று நாங்கள் பிரித்தோம். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: அந்த வாக்கியத்தில் இருப்பதை மூட்டையில் கட்ட முடியுமா? முடியும் என்றால் பார்ச்மெண்ட். கொட்டையிலிருந்து உடைத்து எடுக்கிற பொருள் என்றால் உள்ளோடு.

ஆக, "ஒரே சொல்" என்பதைக் கொஞ்சம் மாற்றிப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு தமிழ்ச் சொல். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்பது இதே விதி அல்ல. உங்கள் கையேட்டிலேயே இதற்கு இன்னும் இரண்டு பொறி காத்திருக்கும். செர்ரி என்றால் பறிப்பு அத்தியாயத்தில் செடியில் பழுத்த பழம், உலர்த்தும் அத்தியாயத்தில் தோலோடு காய்ந்த சரக்கு. முன்னதற்குப் பழம், பின்னதற்குச் செர்ரி என்று வைத்தால் குழப்பம் இல்லை. பிளாண்டேஷன் இன்னும் மோசம். அது தோட்டமும் ஆகும், கழுவிப் பதப்படுத்திய அராபிகாவின் தரப்பெயரும் ஆகும். மூட்டையில் எழுதும் "பிளாண்டேஷன் ஏ" என்பதை ஒருவர் "தோட்டம் அ" என்று மொழிபெயர்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தரப்பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒலிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பார்ச்மெண்டுக்கு ஏன் தமிழ்ச் சொல் தேடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் உறுதி முடிந்து என் அபிப்பிராயம் ஆரம்பிக்கிறது. நான் பார்த்த பல்ப் ஹவுஸ்களில் எல்லோரும் பார்ச்மெண்ட் என்றே சொன்னார்கள். நாங்கள் முதலில் "ஓட்டுக்கொட்டை" என்று ஒன்றை உருவாக்கினோம், கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேஸ்திரி அதைப் படித்துவிட்டு "ஓட்டைக் கொட்டையா? பூச்சி விழுந்ததா?" என்றார். காபியில் கொட்டை துளைக்கும் வண்டு பெரிய தொல்லை, ஓட்டை விழுந்த கொட்டை என்றால் அவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். அன்றே அந்தச் சொல்லைக் கைவிட்டோம். உங்கள் எஸ்டேட்டில் வேறு சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். காகிதக் கொட்டை மட்டும் வேண்டாம், அது அகராதியிலிருந்து வந்தது, களத்திலிருந்து வரவில்லை. சொல்லை முடிவு செய்வதற்கு முன் அதைக் கையால் தொட்டு வேலை செய்கிற இரண்டு பேரிடம், பொருளைக் காட்டி "இதற்கு என்ன பெயர்" என்று கேளுங்கள். சொல்லைச் சொல்லி "புரிகிறதா" என்று கேட்டால் மரியாதைக்காகப் புரிகிறது என்றுதான் சொல்வார்கள்.

ஒலிபெயர்ப்பு என்று முடிவு செய்தாலும் பிரச்சனை தீராது, தமிழில் அதுவே நாலு விதமாக எழுதப்படும். பார்ச்மெண்ட், பார்ச்மென்ட், பார்ச்மண்ட், பார்ச்மென்ட்டு. படிப்பவருக்கு இது பெரிய தடை இல்லை, ஆனால் பிறகு தேடும்போது மூன்று பங்கு தப்பிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுத்துக்கூட்டி எழுதிவையுங்கள். எது சரியான ஒலிபெயர்ப்பு என்று சண்டை போட வேண்டாம், நாங்கள் அதில் ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினோம்.

இதையெல்லாம் எழுதிவைக்க ஒரு தாள் வேண்டும். கூகுள் ஷீட் போதும். ஆங்கிலச் சொல், எந்தப் பொருளில், தமிழ்ச் சொல், முதலில் வந்த பக்கம், எழுதக்கூடாத சொற்கள் என்று ஐந்து கட்டம். இவற்றில் எல்லோரும் விட்டுவிடுவது கடைசிக் கட்டத்தை. பார்ச்மெண்ட் வரிசையில் "தோல், ஓடு, காகிதக் கொட்டை கூடாது" என்று இருந்தால்தான் பிறகு அவற்றைத் தேடிப் பிடிக்க முடியும். 164 பக்கக் கையேட்டுக்கு முந்நூறு சொல் சேர்க்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பக்கத்தில் வருவது, தவறாகப் போட்டால் வேலை கெடுவது, இந்த இரண்டும் பொருந்துகிற சொற்களை மட்டும் சேர்த்தால் நாற்பதுக்குள் முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அதிகம் சேர்த்தால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. இன்னொன்று, தாளை மாற்றும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும். மற்ற இருவரும் சொல்லலாம், வாதாடலாம், கை வைக்கக் கூடாது. வாட்ஸாப் குழுவில் எடுத்த முடிவு அன்று இரவே தாளில் ஏறாவிட்டால் அது எடுக்காத முடிவு, நாளைக் காலை குட்மார்னிங் படங்களுக்குக் கீழே போய்விடும்.

போட்டோக்களைப் பற்றி இரண்டு விஷயம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், சின்ன எழுத்து மங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். அதைவிட முக்கியம் பெயர். ஆண்ட்ராய்டில் வந்து சேர்ந்த படம் `IMG-20240612-WA0007.jpg` என்ற மாதிரி சேமிக்கப்படும், அந்தக் கடைசி எண் ஒவ்வொரு போனிலும் வந்த வரிசைப்படி போடப்படுவது. உங்கள் போனில் ஏழாவதாக இருப்பது அடுத்தவர் போனில் பன்னிரண்டாவதாக இருக்கலாம். "ஏழில் இருக்கிற மாதிரியே எழுது" என்று சொன்னால் அவர் வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் படத்தின் பெயரைப் பக்கத்தில் அச்சடித்த எண்ணாகவே மாற்றிவிடுங்கள்: `p012.jpg`, `p013.jpg`. தமிழ்க் கோப்புக்கும் அதே பெயர்.

இரண்டாவது, பங்கு பிரிப்பது. எண்ணிக்கையைப் பார்த்து ஆளுக்கு 55 என்று வெட்டாமல் அத்தியாயமாக வெட்டுங்கள். குறிப்பாகப் படமும் அதன் விளக்கமும் பிரிந்துவிடக் கூடாது. பல்ப்பரின் படம் ஒரு பக்கத்தில் இருக்கும், உறுப்புகளுக்கு எண் மட்டும் போட்டிருக்கும், பெயர்ப் பட்டியல் அடுத்த பக்கத்தில் இருக்கும். சுழலும் உருளைக்கு எதிரே, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற தகடு ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் அதை பிரெஸ்ட் என்பார்கள். படத்தைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் வாங்கியவர் "மார்புத் தகடு" என்று எழுதினார், இன்னொருவர் "கவசம்" என்று எழுதினார். படத்தைப் பார்த்திருந்தால் இருவருமே எதிர்த்தகடு என்று எழுதியிருப்பார்கள். இந்த இடைவெளி குறைந்தால் கொட்டை நசுங்கும், கூடினால் பழம் உரியாமலே வெளியே வரும். ஆகவே எந்தத் தகடு என்பது சில்லறை விஷயம் இல்லை. உதிரிப்பாகம் வாங்கும் இடத்தில் மட்டும் ஒலிபெயர்த்த பெயரையும் பக்கத்தில் சேர்த்தோம், கடைக்காரரிடம் எதிர்த்தகடு என்று கேட்டால் கிடைக்காது.

அப்புறம் சரிபார்ப்பது. 164 பக்கத்தையும் கண்ணால் ஒப்பிட்டால் கண்தான் போகும். உங்களில் ஒருவர் லேப்டாப்பில் கொஞ்சம் பழக்கமுள்ளவர் என்றால் இதில் பாதியை இயந்திரத்திடம் விடலாம். டெசராக்ட் என்ற இலவசக் கருவி போட்டோவிலிருந்து ஆங்கில எழுத்தைப் படித்து எடுத்துவிடும். போட்டோக்களை `photo` என்ற அடைவில் வைத்துக்கொண்டு, லினக்ஸ் டெர்மினலில் இப்படி:

```
mkdir -p en
for f in photo/p*.jpg; do
  n=$(basename "$f" .jpg)
  tesseract "$f" "en/$n" -l eng
done
```

இதில் கிடைப்பது பிழையில்லாத பிரதி அல்ல. பக்கம் வளைந்த இடத்திலும் ட்யூப்லைட் பளிச்சிட்ட இடத்திலும் எழுத்து உளறும். ஆனால் ஒரு சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: வரி முடிவில் சொல் பாதியாக உடைந்திருந்தால் முழுச்சொல்லைத் தேடினால் அகப்படாது. அதனால் `parchment` என்று தேடாமல் `parch` என்று தேடுங்கள். தமிழ்ப் பக்கங்களை `ta` என்ற அடைவில் வெறும் எழுத்துக் கோப்பாக வைத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் சொல் இருந்தும் தமிழில் நாம் முடிவு செய்த இரண்டு சொல்லில் ஒன்றுகூட இல்லாத பக்கங்களை இப்படி எடுக்கலாம்:

```
for f in en/p*.txt; do
  n=$(basename "$f")
  [ -f "ta/$n" ] && grep -qi parch "$f" || continue
  grep -qE 'பார்ச்மெண்ட|உள்ளோட' "ta/$n" || echo "$n"
done
```

அதில் "பார்ச்மெண்ட" என்று கடைசிப் புள்ளியில்லாமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள், அது தட்டச்சுப் பிழை இல்லை. தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்றால் உருவம் மாறும்: பார்ச்மெண்டை, பார்ச்மெண்டில். உள்ளோடு என்பது உள்ளோட்டை, உள்ளோட்டில் ஆகும். முழுச்சொல்லைத் தேடினால் இவை எதுவும் சிக்காது. கடைசி எழுத்தின் புள்ளியையோ கொம்பையோ காலையோ எடுத்துவிட்டு வெறும் உயிர்மெய்யாகத் தேடினால் எல்லா உருவமும் வந்துவிடும். "பழம்" போன்ற சொல்லுக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. பழத்தை, பழத்தில், பழங்கள் என்று உள்ளேயே மாறிவிடுகிறது, "பழ" என்று மட்டும் தேடினால் பழக்கமும் பழையதும் வந்து நிற்கும். அதற்கு `பழம|பழத்த|பழங்க` என்று மூன்றையும் கொடுக்க வேண்டும், பழத்தோலும் கூடவே வரும், அதைக் கண்ணால் ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வில்லங்கம் உண்டு. உள்ளோடு என்பதில் வரும் ஓகாரக் குறியைக் கணினி ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலுக்கு மட்டும் வேறு வேறு. கொட்டை என்பதிலும் இதே கதை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பிரதிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். "சொல் அங்கேயே இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறதே" என்று தோன்றினால் கோப்பை இப்படி ஒருமுறை சீராக்கிவிட்டு மறுபடி தேடுங்கள்:

```
python3 -c "import sys,unicodedata as u
sys.stdout.write(u.normalize('NFC',sys.stdin.read()))" < ta/p012.txt > p012n.txt && mv p012n.txt ta/p012.txt
```

இந்தச் சரிபார்ப்பு எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல் இல்லாத பக்கத்தைக் காட்டும், தவறான இடத்தில் போட்ட சொல்லைக் காட்டாது. ஓட்டைச் சொல்ல வேண்டிய வரியில் பார்ச்மெண்ட் என்று இருந்தால் இது "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும். ஒரு பக்கத்தில் நாலு முறை வந்து, மூன்று சரியாகவும் ஒன்று தோலாகவும் இருந்தாலும் அந்தப் பக்கம் தேறிவிடும். பின்னதைப் பிடிக்கத்தான் "எழுதக்கூடாத சொற்கள்" கட்டம். `grep -nE 'தோல|ஓட|காகித' ta/p*.txt` என்று கொடுத்தால் சந்தேக வரிகள் எல்லாம் பக்க எண்ணோடு வந்துவிடும், அவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள். முன்னதற்கு, பொருள் மாறியதைப் பிடிப்பதற்கு, சத்தமாகப் படித்துக் காட்டுவதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. பல்ப்பரிலிருந்து மூட்டை கட்டுவது வரையிலான பக்கங்களை ஒரே மூச்சில், வரிசையாக, அந்த வேலை செய்பவருக்குப் படியுங்கள். என் மேஸ்திரி நிறுத்திய மாதிரி உங்கள் மேஸ்திரியும் எங்காவது நிறுத்துவார்.

முடிந்த 60 பக்கங்களுக்கு வருகிறேன். அவற்றைத் திருத்துவதற்கு முன் மீதி 104 போட்டோவை மொழிபெயர்க்காமல் ஒருமுறை புரட்டிவிடுங்கள், தாளை அதற்குள் முடித்துவிடுங்கள். 140ஆம் பக்கத்தில் புதிதாக ஒரு பொருளில் பார்ச்மெண்ட் வந்து, திருத்தியதை மறுபடி திருத்தும் வேலை அப்போதுதான் மிச்சமாகும். திருத்தும்போது "எல்லாவற்றையும் மாற்று" பொத்தானை மட்டும் தொடாதீர்கள். ஆங்கிலத்தில் அது ஓரளவு செல்லும், தமிழில் சொல்லுக்குள் சொல் இருக்கும். தோல் என்பதை உள்ளோடு என்று மாற்றச் சொன்னால் தோல்வி "உள்ளோடுவி" ஆகிவிடும், பழத்தோல் "பழத்உள்ளோடு" ஆகிவிடும். இரண்டும் என் கோப்பிலேயே நடந்தவை. முதலாவதைப் பார்த்துச் சிரித்தோம், இரண்டாவது அச்சுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொன்றாக நின்று, பார்த்து, மாற்றுங்கள். வேற்றுமை ஏற்கும் உருவமும் மாறும்: "மெல்லிய தோலைத் தொடாதே" என்பது "மெல்லிய உள்ளோட்டைத் தொடாதே" ஆக வேண்டும், பெயரை மட்டும் மாற்றி ஐ உருபை அப்படியே விட்டால் "உள்ளோடை" என்று ஒரு புதுப் பொருள் பிறக்கும்.

60 பக்கத்தையும் சமமாகப் பார்க்க நேரமில்லை என்றால் நான் போகும் வரிசை இது. முதலில், ஒரு செயலைச் சொல்லும் வரிகள்: உரி, கழுவு, காய வை, நிறுத்து. புளித்தது போதுமா என்று கையில் அள்ளித் தேய்த்துப் பார்க்கும் இடம் ஒன்று வரும், பசை போய்விட்டால் கூழாங்கல் போலச் சொரசொர என்று இருக்கும். அங்கே "தோல் சொரசொரப்பாகும் வரை" என்று எழுதியிருந்தால் எந்தத் தோல் என்று யாருக்கும் தெரியாது. அதே போல உலர்த்தும் அளவு. பார்ச்மெண்டைச் சுமார் 10 சதவீத ஈரப்பதம் வரை காய வைப்பார்கள், செர்ரிக்கு அளவு கொஞ்சம் வேறு, காயவும் கூடுதல் நாள் பிடிக்கும். இரண்டையும் மாற்றிப் படித்தால் சரக்கே கெடும். இந்த மாதிரி வரிகள் முடிந்த பிறகு படங்களின் பெயர்கள், அட்டவணைகள். முன்னுரை, காபியின் வரலாறு, பாராட்டு எல்லாம் கடைசியில், அங்கே ஒரு தோல் தங்கிவிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். முடிந்த 60இல் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் பல்ப் ஹவுஸ் சுவரிலோ களத்து ஷெட்டிலோ ஏற்கெனவே ஒட்டியிருக்கிறீர்களா? ஒட்டியிருந்தால் கோப்பைத் திருத்துவதற்கு முன் போய் அதைக் கிழித்து எடுத்துவிடுங்கள். நாங்கள் கோப்பை எல்லாம் திருத்தி முடித்து, அடுத்த பறிப்பில் மேலே போனபோது, தொட்டிக்குப் பக்கத்தில் பழைய "தோலோடு காய வை" தாள் பிளாஸ்டிக் உறையோடு பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.